‘தடவுன’ மேல் வரி, ‘கலயம்’ கீழ் வரி: தமிழ் சப்டைட்டிலை எங்கே உடைப்பது

திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் எடுத்த ஒரு சின்ன ஆவணப்படம். ஒரு பனையேறி பேசிக்கொண்டே பாளை சீவுகிறார், கலயம் கட்டுகிறார், இறங்குகிறார், அவ்வளவுதான் படம். அதற்குத் தமிழிலேயே சப்டைட்டில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். தமிழ்ப் படத்துக்கு எதுக்குத் தமிழ் சப்டைட்டில் என்று எங்க வீட்டிலேயே கேட்டார்கள். காது கேட்காதவர்கள் பார்ப்பார்கள், பஸ்ஸில் சத்தத்தை அமர்த்திவிட்டுப் போனில் பார்ப்பவர்கள் பார்ப்பார்கள், அப்புறம் இதையும் சொல்லிவிடலாம், எங்க ஊர்க்காரர் ஒருத்தர் பனை உச்சியில் இருந்துகொண்டு வேகமாகப் பேசினால் மெட்ராஸ்காரருக்குப் பாதிதான் பிடிபடும்.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து இரண்டு நாளில் முடித்து அனுப்பினேன். மறுநாள் ஃபைல் திரும்பி வந்தது, ஏகப்பட்ட இடத்தில் சிவப்பு. வரி நீளம் தாண்டிவிட்டது என்று அவர்கள் சாஃப்ட்வேர் சொல்லுகிறதாம். எனக்கோ ஒவ்வொரு வரியையும் விரல் விட்டு எண்ணிப் போட்ட ஞாபகம். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்ததில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது: தமிழில் எழுத்து எண்ணுவது ஒரு சிக்கல், வரியை எங்கே உடைப்பது வேறொரு சிக்கல். ஆனால் முதல் சிக்கலுக்கு நாம் எடுக்கிற அவசர வைத்தியம் இரண்டாவதைக் கெடுத்துவிடும்.

முதலில் எண்ணிக்கை. சப்டைட்டில் என்றால் திரையில் அதிகபட்சம் இரண்டு வரி, ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று ஒரு வரம்பு இருக்கும். அமெரிக்க டிவியின் பழைய கேப்ஷன் முறையில் ஒரு வரிக்கு 32 கட்டம், அதற்குமேல் ஓர் எழுத்துகூட வைக்க முடியாது, ஏனென்றால் திரையே அப்படிக் கட்டம் கட்டமாகத்தான் பிரிக்கப்பட்டிருந்தது. இப்போது நெட்ஃபிளிக்ஸ் மாதிரி இடங்களில் ஆங்கிலத்துக்கு வரிக்கு 42, இரண்டு வரி, ஒரு கேப்ஷன் ஏழு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. நம் ஊரில் சின்னச் சின்ன வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த 42-ஐ அப்படியே எடுத்து நம் கையில் கொடுத்துவிடுவார்கள். ‘எழுத்து’ என்றால் எது என்று கேட்டால் பதில் வராது.

நமக்கு ‘சு’ என்பது ஓர் எழுத்து. ‘ண்’ ஓர் எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அப்படித்தான் எண்ணும். கம்ப்யூட்டருக்கு ‘சு’ என்பது ச, அதன்மேல் ஒரு உகரக் குறி, ஆக இரண்டு. ‘ண்’ என்பது ண, அப்புறம் ஒரு புள்ளி, அதுவும் இரண்டு. ‘ஸ்ரீ’ போட்டால் நான்கு. ‘சுண்ணாம்பு’ என்று எழுதினால் நம் கணக்கில் ஐந்து எழுத்து, அதன் கணக்கில் பத்து. சாதாரண சாஃப்ட்வேர் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கைத்தான் போடும், அதை யூனிகோடு குறியெண் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் வேலை கொடுத்தவர் எதை எண்ணுகிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். பைத்தானும், `pip install regex` என்று போட்டுக்கொண்ட regex தொகுப்பும் இருந்தால் இப்படி:

```python
import regex
s = "சுண்ணாம்பு தடவுன கலயத்தைக் கட்டுனாத்தான்"
print(len(s))                        # 40
print(len(regex.findall(r"\X", s)))  # 25
```

மேலே உள்ளது குறியெண் கணக்கு, கீழே உள்ளது நம் எழுத்துக் கணக்கு, இடைவெளியும் சேர்த்து. பைத்தான் எல்லாம் வேண்டாம் என்றால் அவர்கள் சாஃப்ட்வேரில் ‘சுண்ணாம்பு’ என்று மட்டும் அடித்துப் பாருங்கள், 5 என்று காட்டினால் ஒரு கதை, 10 என்று காட்டினால் வேறு கதை. என்னிடம் வந்த சிவப்பு அந்தப் பத்துக் கதை.

ஒரே வரி, ஒரு கணக்கில் 25, இன்னொன்றில் 40. என் ஃபைலில் எந்த வரியை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான் வந்தது, ஓர் எழுத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். அப்படியென்றால் 42 என்று அவர்கள் சொன்னது எனக்கு வெறும் 26 எழுத்து. முதலில் கோபம்தான் வந்தது. எங்க மொழிக்குப் பாதி இடம்தானா என்று ஒரு நீளமான பதில்கூட அடித்து வைத்தேன். நல்ல வேளை, அனுப்பவில்லை.

ஏனென்றால் அதற்குள் ஒரு வரியை எடுத்து, நம் கணக்கில் சரியாக 42 எழுத்து வருகிற மாதிரி நீட்டி, படத்தின் மேலே போட்டு, போனில் நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். வரி திரையின் இரண்டு ஓரத்தையும் முட்டிக்கொண்டு, அதுவும் பத்தாமல் ஒரு சொல் கீழே விழுந்தது. தமிழ் எழுத்து அகலம். ண, ஞ, ஐ எல்லாம் ஆங்கிலத்தின் ஐ, எல் மாதிரி குச்சி எழுத்து இல்லை, போதாததற்குக் கால், கொம்பு, சங்கிலிக் கொம்பு எல்லாம் தனியாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, ஆனால் திரையில் மூன்று உருவம் நிற்கும் அகலம். புள்ளியும் ஈகாரச் சுழியும் மட்டும்தான் இடம் கேட்காமல் தலைக்கு மேலே உட்காரும். ஆக அவர்கள் சாஃப்ட்வேர் போட்ட கணக்கு இலக்கணப்படி தப்பு, ஆனால் நான் பார்த்தவரை விடை என்னவோ திரையின் அகலத்துக்கு என் கணக்கைவிடப் பக்கத்தில் வந்து நிற்கிறது. தற்செயல்தான், இருந்தாலும் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் எழுத்துக் கணக்கில் 28-ஐத் தாண்ட விடுவதில்லை, யார் என்ன வரம்பு கொடுத்தாலும் சரி.

வரம்பைப் பற்றிய சண்டை அத்தோடு முடிந்தது. ஆனால் சிவப்பை அழிக்க நான் முதலில் செய்த காரியம்தான் மகா தப்பு. சாஃப்ட்வேரிலேயே ‘தானாக வரி பிரி’ என்று ஒரு பட்டன் இருந்தது, மொத்த ஃபைலுக்கும் அதை அழுத்திவிட்டேன். சிவப்பெல்லாம் மாயமாய்ப் போயிற்று. திருப்திப்பட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து படத்தை ஓட்டிப் பார்த்தால், மூன்றாவது நிமிஷத்தில் இது:

```
பாளையைச் சீவிட்டு சுண்ணாம்பு தடவுன
கலயத்தைக் கட்டுனாத்தான் பதநீர் புளிக்காம
இருக்கும்.
```

பனையேறி சொன்னது இதுதான், ஒரே மூச்சில். பாளையைச் சீவி விட்ட இடத்தில் சும்மா கலயத்தைக் கட்டினால் வடிகிறது சீக்கிரமே புளித்துக் கள்ளாகிவிடும், உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயமாக இருந்தால்தான் பதநீர் பதநீராக இருக்கும். அந்த மொத்த விஷயமும் எந்தக் கலயம் என்பதில்தான் இருக்கிறது. பட்டனோ ‘சுண்ணாம்பு தடவுன’ என்று மேலே விட்டுவிட்டு, எது தடவின என்பதைக் கீழே தள்ளிவிட்டது. பார்க்கிறவர் கண், பாளையைச் சீவிவிட்டு அதன்மேல்தான் சுண்ணாம்பு தடவுகிறார்கள் போல என்று ஒரு நொடி தப்பாகப் போய்விட்டுத் திரும்பி வரும். அப்புறம் ‘இருக்கும்’ மட்டும் மூன்றாவது வரியில் தனியாக. சில சாஃப்ட்வேர் அந்த மூன்றாவது வரியைப் பிய்த்து அடுத்த கேப்ஷனாகப் போட்டுவிடும், அப்போது திரையில் அரை நொடிக்கு ‘இருக்கும்.’ என்று மட்டும் மின்னிவிட்டுப் போகும். எது இருக்கும்?

பட்டன் என்ன செய்கிறது என்று பார்த்தால் அதன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடப்பக்கத்திலிருந்து சொல்லாக அடுக்குகிறது, 42-ஐத் தாண்டப் போகிற சொல் வந்தால் அதைக் கீழே போடுகிறது. ‘தடவுன’ வரை 34, ‘கலயத்தைக்’ சேர்த்தால் 44, அதனால் கீழே. கீழ் வரி ‘புளிக்காம’ வரை 40, ‘இருக்கும்’ சேர்த்தால் தாண்டும், அதனால் இன்னும் கீழே. அதற்குப் பெயரெச்சமும் தெரியாது, பதநீரும் தெரியாது.

சரி, மனுஷன் செய்தால் எங்கே உடைப்பான்? இங்கேதான் ஆங்கில வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வந்தவர்கள் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லித்தருவது, இணைப்புச் சொல்லுக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் முன்னால் உடை என்று. அந்த மொழியில் அவை ஒரு துண்டின் தலையில் வரும், அதனால் அவற்றோடு புதிய வரி தொடங்குவது நியாயம். தமிழில் அதே வேலையைச் செய்கிற உருப்படிகள் எல்லாம் துண்டின் வாலில் வரும். ‘மரத்துக்கு மேல’ என்பதில் ‘மேல’ வால். ‘வருவான்னு’ என்பதில் ‘னு’ வால். ‘கட்டுனாத்தான்’ என்பதில் ‘னாத்தான்’ வால். ஆகவே நமக்கு விதி தலைகீழ்: வால் முடிந்த பிறகு உடைக்க வேண்டும். நிபந்தனை முடிந்த இடம், ‘என்று’ முடிந்த இடம், ‘செய்துவிட்டு’, ‘போய்’, ‘சீவிட்டு’ என்று ஒரு காரியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம், இவைதான் தமிழ் வாக்கியம் தானாக மூச்சு விடும் இடங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் நாக்கே காட்டிக் கொடுக்கும்.

உடைக்கவே கூடாத இடங்களும் அப்படித்தான், இரண்டு சொல்லில் முதல் சொல் இரண்டாவதற்காகக் காத்திருந்தால் அங்கே கை வைக்கக் கூடாது. ‘தடவுன’ என்றால் எது என்று மனசு கேட்கிறது. ‘நாப்பது’ என்றால் நாப்பது என்ன என்று கேட்கிறது. ‘மரத்துக்கு’ என்றால் மேலா கீழா. இதில் ஆகக் கொடுமையானது வினையையும் துணைவினையையும் பிரிப்பது, அதிலும் துணைவினை எதிர்மறையாக இருந்துவிட்டால். அதே பெரியவர் கொஞ்சம் கழித்துச் சொல்கிறார்: ‘இப்ப எம் மகன் ஒரு பனைகூட ஏற மாட்டேங்கான்.’ புள்ளியும் சேர்த்து 41, ஒரே வரியில் அடங்குகிறது, சாஃப்ட்வேர் சந்தோஷம். ஆனால் யாராவது போனில் எழுத்தளவைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தால், ப்ளேயர் தானாகவே கடைசிச் சொல்லைக் கீழே தள்ளும்:

```
இப்ப எம் மகன் ஒரு பனைகூட ஏற
மாட்டேங்கான்.
```

தமிழில் ‘இல்லை’ என்பது கடைசியில்தான் வரும், அது நம் மொழியின் பழக்கம், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதைத் தன் வினையிலிருந்து பிய்த்துத் தனி வரியில் நிறுத்தினால் மேல் வரி மட்டும் கண்ணில் படுகிறவருக்கு மகன் பனை ஏறப் போகிற மாதிரித்தான் இருக்கும். அதனால் ஒரே வரியில் அடங்குகிறதை ஒரே வரியாக விடு என்கிற பொதுப் பழக்கத்தை மீறி இதை நானே முன்கூட்டி உடைத்துவிட்டேன்:

```
இப்ப எம் மகன்
ஒரு பனைகூட ஏற மாட்டேங்கான்.
```

மேல் வரி குட்டை, கீழ் வரி நீளம். படத்தை அதிகம் மறைக்காது, கண்ணுக்கும் இந்த வடிவம் பழகிவிட்டது. ஆனால் வடிவத்துக்காக அர்த்தத்தை உடைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். மேலே நீளம், கீழே குட்டை என்று வந்தாலும் குடி முழுகிப் போகாது. இரண்டு வரியும் சமமாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்கும் ஓர் எடிட்டரிடம் கொஞ்ச நாள் வேலை செய்திருக்கிறேன். அவர் ஃபைலைப் பார்த்தால் திருக்குறளைச் சரிபாதியாக அறுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

இப்போது பதநீருக்கு வருவோம். நம் எழுத்துக் கணக்கு அனுமதித்தால் வேலை சுலபம், ‘கட்டுனாத்தான்’ வரை மேல் வரி, மீதி கீழ் வரி, 35-ம் 17-ம். நிபந்தனை முடிந்த இடத்தில் அழகாக உடைகிறது. ஆனால் அந்த மேல் வரி அவர்கள் கணக்கில் 58, நான் வைத்திருக்கும் 28 எழுத்து வரம்பையும் தாண்டுகிறது, போனில் நிச்சயம் மடங்கும். மொத்த வாக்கியமே அவர்கள் கணக்கில் 86, இரண்டு வரிக்கு உச்சவரம்பு 84, ஆக எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஒரே கேப்ஷனில் வராது. இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, இரண்டு கேப்ஷனாக்குவது: முதலாவதில் மேலே ‘பாளையைச் சீவிட்டு’, கீழே ‘சுண்ணாம்பு தடவுன கலயத்தைக் கட்டுனாத்தான்’, இரண்டாவதில் ‘பதநீர் புளிக்காம இருக்கும்.’ எல்லாம் வரம்புக்குள் வருகிறது, எதுவும் அறுபடவில்லை. ஆனால் அவர் இடையில் மூச்சே விடாமல் பேசுகிறார், 4.7 நொடியில் முழுதும் முடிந்துவிடுகிறது. நடுவில் கேப்ஷன் மாறினால் ‘கட்டுனாத்தான்’ என்று தொங்கவிட்டு, கண்ணைச் சிமிட்டவைத்து, அப்புறம் பதிலைச் சொல்கிற மாதிரி ஆகும். இடைவெளி இல்லாத பேச்சுக்கு இல்லாத ஓர் இடைவெளியை நாம் போட்டுத் தருகிறோம்.

இரண்டாவது வழி, குறைப்பது. எதைக் குறைப்பது என்று படத்தைப் பார்த்தேன். அவர் ‘பாளையைச் சீவிட்டு’ என்று சொல்லும்போது கேமரா பாளை மேலேயே இருக்கிறது. பாளை நுனியை அருவாள் சீவுகிறது, மெல்லிசாகச் சீவல் விழுகிறது. கண்ணுக்கு முன்னால் நடப்பதை எழுத்தில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்துவிட்டேன்.

```
14
00:03:12,400 --> 00:03:17,100
சுண்ணாம்பு தடவுன கலயத்தைக் கட்டுனாத்தான்
பதநீர் புளிக்காம இருக்கும்.
```

மேல் வரி 40, கீழ் வரி 27. மொத்தம் 67, நொடிக்கு 14 சொச்சம். ஆங்கிலத்தில் நொடிக்கு 17, 20 என்றெல்லாம் பேசுகிற இடத்தில் இது நிதானமான வேகம். முழு வாக்கியத்தையும் திணித்திருந்தால் 18-ஐத் தாண்டியிருக்கும், பார்க்கிறவர் எழுத்தைத் துரத்திக்கொண்டு இருப்பார், பாளையைப் பார்க்க நேரமிருக்காது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், காது கேட்காதவர்களில் சிலர் வாயசைவையும் சேர்த்துப் படிப்பார்கள், அவர்களுக்குப் பேசினதில் பாதி எழுத்தில் காணோம் என்றால் ஏமாற்றியது போல இருக்கும். இங்கே பெரியவர் முகம் திரையில் இல்லை, பாளைதான் இருந்தது, அதனால் தைரியமாக எடுத்தேன். முகம் குளோசப்பில் இருந்திருந்தால் இரண்டு கேப்ஷன் வழிக்கே போயிருப்பேன்.

அந்தக் ‘கலயத்தைக்’ என்பதில் இருக்கும் கடைசி ‘க்’ பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தச் சந்தேகம் எனக்கு வெகுநாள் இருந்தது. அடுத்த சொல் ககரத்தில் தொடங்குவதால் வந்த ஒற்று அது. அடுத்த சொல் கீழ் வரிக்குப் போய்விட்டால் ஒற்றை வைக்கலாமா? ஒரே கேப்ஷனின் இரண்டு வரிக்குள் என்றால் வைக்கலாம், புத்தகத்தில் வரி மடங்கும்போது யாரும் ஒற்றை எடுப்பதில்லை. ஆனால் கேப்ஷனே மாறுகிறது என்றால் எடுத்துவிடுவது மேல். திரையில் ‘கலயத்தைக்’ என்று முடிந்து மறைந்து போனால், பிழை என்றுதான் கண் நினைக்கும், அடுத்த சொல்லை அது இன்னும் பார்க்கவில்லையே. கால்புள்ளி போட்டு நிறுத்தும் இடத்தில் ஒற்று போடுவதில்லை அல்லவா, அதே கணக்கு. இதைவிட முக்கியமாக, வரி முடிவில் ஒற்று தொங்கினாலே அது ஓர் எச்சரிக்கை. ஒற்று வருகிற இடத்தில் இரண்டு சொல்லும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அங்கே உடைத்திருக்கிறோம் என்றால் இடம் தப்பு. ஃபைலை முடித்ததும் வரி முடிவில் க், ச், த், ப் இருக்கிற இடங்களை மட்டும் தேடிப் பார்ப்பேன். பாதி தப்பு அதிலேயே மாட்டும்.

பட்டன் உடைத்த வேறு சில இடங்களில் இன்னொரு கூத்தும் இருந்தது. ஒரு வரி முடிவில் ‘க’ என்று நின்று, அடுத்த வரி ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தனிப் புள்ளியோடு தொடங்கியது. இடைவெளி இல்லாத நீளமான கூட்டுச்சொல்லை, சொல்லாகப் பார்க்காமல் குறியெண்ணாக எண்ணி, ‘க்’-இன் நடுவிலேயே வெட்டியிருக்கிறது. புள்ளிவட்டத்தைத் திரையில் கண்டால் வேறு எதையும் சந்தேகப்பட வேண்டாம், எழுத்தையே அறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மருந்து சுலபம், அந்தக் கூட்டுச்சொல்லில் நாமே ஓர் இடைவெளி விட்டு எழுதிவிடுவது.

ப்ளேயர் தானாக மடக்குவதைத் தடுக்க ஒரு சின்ன உபாயமும் உண்டு. ‘நாப்பது’-க்கும் ‘பனை’-க்கும் நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் U+00A0 என்கிற உடையா இடைவெளியைப் போட்டால், பல ப்ளேயர்கள் அந்த இரண்டையும் ஒரே சொல்லாக நினைத்துப் பிரிக்காமல் விடும். பல என்றுதான் சொல்கிறேன், எல்லாம் என்று சொல்லவில்லை. ஒரு ப்ளேயரில் அது சின்னச் சதுரமாகத் தெரிந்ததையும் பார்த்திருக்கிறேன், அதனால் கை அடங்காமல் எல்லா இடத்திலும் தூவ வேண்டாம்.

வட்டாரப் பேச்சை எவ்வளவு விடுவது என்பதிலும் வரம்புக்கு ஒரு பங்கு உண்டு. ‘எறங்குவாவ’ என்பதை ‘இறங்குவார்கள்’ என்று மாற்றச் சொன்னார்கள், புரியாதாம். ‘எறங்குவாவ’ ஒன்பது, ‘இறங்குவார்கள்’ பதின்மூன்று. அந்த வரியில்தான் முதல் பாதி கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது:

```
எங்கய்யா காலத்துல காலையிலயும் சாயங்காலமும்
நாப்பது பனை ஏறி எறங்குவாவ.
```

மேல் வரி சரியாக 42. கீழே இடம் இருக்கிறது என்பதால் மாற்றியிருக்கலாம்தான், இடம் இல்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் அப்பாவை ‘எறங்குவாவ’ என்று மரியாதையோடு சொல்கிற அந்த ‘ஆவ’-வை எடுத்துவிட்டால் பேசுகிறவர் எந்த ஊர்க்காரராகவும் ஆகிவிடுவார். பெயர்ச்சொல்லில் விட்டுக்கொடுத்தேன், அவர் ‘பதநீ’ என்று சொன்னதைப் ‘பதநீர்’ ஆக்கினேன். வினையின் வாலை மட்டும் விடவில்லை. அந்தப் பக்கத்துத் தம்பி, “சரிண்ணாச்சி, வச்சுக்கிடுங்க” என்று விட்டுவிட்டான். அவனுக்கும் நாங்குநேரிதான் ஊர் என்று பிறகு தெரிந்தது.

கடைசியாக ஓர் இடம், எண்ணிக்கையால் தீராதது. மகன் ஏற மாட்டேங்கான் என்று சொன்ன பிறகு பெரியவர் ‘அவனைச் சொல்லி குத்தமில்ல’ என்கிறார். இரண்டாவதன் நீளம் முற்றுப்புள்ளியும் சேர்த்து 25 தான், இரண்டையும் மேலும் கீழுமாக ஒரே கேப்ஷனில் வைத்தால் கச்சிதமாக அடங்கும், சிவப்பு வராது, வரி உடைப்பும் சுத்தம். பட்டன் அப்படித்தான் வைத்திருந்தது. ஆனால் படத்தில் அவர் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டு நொடி ஒன்றும் பேசாமல் கலயத்துக்குள்ளே பார்க்கிறார், அப்புறம்தான் இதைச் சொல்கிறார். சேர்த்து வைத்தால் அவர் கலயத்தை எட்டிப் பார்க்கும் முன்னாலேயே பார்க்கிறவர் மன்னிப்பைப் படித்து முடித்திருப்பார். பிரித்துத் தனி எண் கொடுத்தேன், நடுவில் இரண்டு நொடி திரையில் எழுத்தே இல்லை.